கிணற்றில் கரைந்தது கல்லா, கடலா?

அண்ணன் மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சுற்றுச்சூழல் பாடத்துக்காக வீட்டுக் குழாய் நீரையும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கரையோரமாக உள்ள ஒரு வீட்டுக் கிணற்று நீரையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதியிருந்தாள். "சித்தப்பா, ஒரு தடவை பார்த்துடுங்க" என்று அனுப்பினாள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் வீட்டில் இருந்தால் இது தவிர்க்க முடியாதது. அளவீடுகள் நன்றாகத்தான் இருந்தன. முடிவுரைதான் இப்படி இருந்தது: "கிணற்று நீர் கடினமானது, அதில் கரைந்த திடப்பொருள்களும் அதிகம். எனவே பாறையிலுள்ள தாதுக்கள் நீரில் கரைந்துள்ளன."

படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அவள் அளந்த அதே இரண்டு எண்கள் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. கிணற்றின் இடத்தை இங்கே சொல்லப்போவதில்லை. எண்களையும் கணக்குப் புரிவதற்காகச் சற்றுத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடுவோம். நீரை வடிகட்டி, முழுவதும் ஆவியாக்கினால் பாத்திரத்தின் அடியில் மிஞ்சுவதுதான் கரைந்த திடப்பொருள்கள், சுருக்கமாக டிடிஎஸ். சாப்பாட்டு உப்பு, சுண்ணாம்பு, பைகார்பனேட், சல்பேட் எல்லாம் அதில் அடக்கம். கடினத்தன்மை அந்தக் கூட்டத்தில் இரண்டே பேரைத்தான் எண்ணுகிறது: கால்சியம், மக்னீசியம். சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதும், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இவற்றால்தான். இரண்டுமே லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லப்படும். கடினத்தன்மையை மட்டும், நீரில் இருப்பது முழுக்கக் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிச் சொல்வது வழக்கம்.

ஊரில் பாட்டி "உப்புத் தண்ணி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பருப்பு வேகாத தண்ணீரும் அதுதான், வாயில் கரிக்கும் தண்ணீரும் அதுதான். அறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும். பருப்பை வேகவிடாதது கடினத்தன்மை. வாயில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அது கடினத்தன்மைக் கணக்கில் வரவே வராது.

சரி, அளப்பது எப்படி? கடினத்தன்மையில் தொடங்குவோம். 50 மில்லிலிட்டர் நீரைப் பிப்பெட்டால் அளந்து கூம்புக் குடுவையில் ஊற்றுகிறோம். அதில் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் அமோனியா தாங்கல் கரைசல். மூக்கில் ஏறும், ஆனால் நீரின் பிஎச் அளவை 10இல் நிறுத்தி வைப்பது அதுதான். அடுத்து எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி ஒரு சிட்டிகை. கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் நீர் ரோஜாப்பாகைக் கரைத்துவிட்டது போலச் சிவக்கும். இப்போது பியூரெட்டிலிருந்து இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இடிடிஏ இந்த உலோக அயனிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொள்ளும். சிவப்பு ஊதாவாகும், ஊதாவில் சற்றுத் தயங்கும், பிறகு ஒரே சொட்டில் சங்குப்பூச் சாற்றின் நீலத்துக்கு வந்துவிடும். சிவப்பின் சாயல் துளியும் இல்லாத நீலம் வந்தவுடன் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்க்க வேண்டும்.

இடிடிஏ கரைசலின் வலிமை 0.01 மோலாராக இருந்தால் அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நாம் எடுத்தது 50 மில்லிலிட்டர் நீர், லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே செலவான அளவை 20ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். குழாய் நீருக்கு 2.9 மில்லிலிட்டர் செலவானது என்றால் கடினத்தன்மை 58. கிணற்று நீருக்கு 8.3 என்றால் 166.

அவளுக்கு முதல் நாள் இந்த நீலம் வரவே இல்லை. ஊதாவிலேயே இழுத்துக்கொண்டு போனது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். கிணற்று நீரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறாள். குழாய் நீருக்கும் அப்படியே நடந்தபோதுதான் சந்தேகம் தாங்கல் கரைசல் மேல் திரும்பியது. அந்தப் பாட்டில் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூடி சரியாக இறுகாமல் அமோனியா கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோயிருந்தது. பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 10ஐ எட்டவில்லை. பிஎச் குறைந்தால் இடிடிஏ அயனிகளைக் கெட்டியாகப் பிடிக்காது, நிறமும் பளிச்சென்று மாறாது. புதுக் கரைசல் கலந்த பிறகு மூன்று முறை செய்ததில் மூன்றும் 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போயின. அந்த 0.1 என்பது விடையில் 2 மில்லிகிராம். அதனால் அறிக்கையில் 58 என்று எழுதினால் போதும். கால்குலேட்டர் தருகிறது என்பதற்காக 57.83 என்று எழுதுவது பொய்யான துல்லியம்.

ஆய்வுக்கூடம் இல்லாதவர்களுக்கு மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு முறைப் பெட்டி இருக்கிறது. உள்ளே நடப்பது இதே வேலைதான். 5 மில்லிலிட்டர் நீரில் எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை ஜெர்மன் பாகை. ஒரு பாகை ஏறக்குறைய 18 மில்லிகிராம். நம் குழாய் நீருக்கு மூன்று அல்லது நான்கு சொட்டு போதும், அப்போது ஒரு சொட்டுப் பிழையே பெரிய பிழை. நீரை 10 மில்லிலிட்டராக எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரைப் பாகையாகிவிடும். பிழையும் பாதியாகும்.

டிடிஎஸ் விஷயத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பேனா வடிவக் கருவியை நீரில் நனைத்தவுடன் எண் வந்துவிடுகிறது. ஆனால் அது திடப்பொருளை அளக்கவே இல்லை. முனையிலுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஏதோ ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில கருவிகளில் அது 0.5, சிலவற்றில் 0.7. ஒரே நீரை இரண்டு கருவிகளில் நனைத்தால் இரண்டு விடை வருவது இதனால்தான்.

கிணற்று நீரின் மின்கடத்துத்திறன் 1640 µS/cm. அவள் கருவியின் காரணி 0.5, ஆகவே திரையில் 820 என்று வந்தது. அதே நீரை 100 மில்லிலிட்டர் வடிகட்டி, எடை பார்த்த பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்கி, 180 பாகை செல்சியஸ் அடுப்பில் உலர்த்தி எடை போட்டால் மிஞ்சியது 90.2 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு 902. உண்மையான காரணி 0.55 என்று இப்போதுதான் தெரிகிறது. குழாய் நீரில் மின்கடத்துத்திறன் 230, உலர்த்தி எடுத்த எடையிலிருந்து டிடிஎஸ் 138, காரணி 0.6. கரைந்திருப்பது எது என்பதைப் பொறுத்துக் காரணி மாறும். எனவே அறிக்கையில் மின்கடத்துத்திறனை அப்படியே எழுதிவிட்டு, டிடிஎஸ் எந்தக் காரணியால் வந்தது என்பதையும் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். எடை பார்த்தும் வந்திருந்தால் இன்னும் நல்லது.

எடை பார்க்கும்போது நம் ஊர் ஈரக் காற்றை மறந்துவிடக் கூடாது. அடுப்பிலிருந்து எடுத்த கிண்ணம் ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆற வேண்டும். கடலுப்பு போன்ற மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மக்னீசியம் குளோரைடு அதில் கெட்டிக்காரன். தராசில் வைத்தபின் கடைசி இலக்கம் கண்முன்னே ஏறிக்கொண்டே போனால் கிண்ணம் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி அடுப்பில் வைத்து, எடை நிலையாக நிற்கும்வரை செய்ய வேண்டியதுதான்.

ஒரு சின்ன விலகல். எங்கள் புளோக்கில் ஒருமுறை நீர்வடிகட்டி விற்க வந்தவர் குழாய் நீரில் இரண்டு கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். நீர் பழுப்பாகத் திரண்டது. அவர் வடிகட்டிய நீர் தெளிவாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பயந்துவிட்டார். உண்மையில் அந்தப் பழுப்பு நீரிலிருந்து வந்ததில்லை, கரைந்தது இரும்புக் கம்பி. தாது உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி அரிக்கிறது. தாது நீக்கிய நீர் கடத்தாது, கம்பியும் அப்படியே இருக்கும். அவர் காட்டியது மின்கடத்துத்திறனை, நம்மிடம் சொன்னது அழுக்கு என்று.

இப்போது அறிக்கைக்கு வருவோம். இரண்டு எண்களையும் தனித்தனியே பார்த்தால் கிணற்று நீர் குழாய் நீரைவிட இரண்டிலுமே அதிகம், அவ்வளவுதான். கடினத்தன்மையை டிடிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். குழாய் நீரில் 58ஐ 138ஆல் வகுத்தால் 0.42. கிணற்றில் 166ஐ 902ஆல் வகுத்தால் 0.18.

நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து வந்திருந்தால் அதிலுள்ள உப்பில் பெரும்பகுதி கால்சியமும் மக்னீசியமும் சார்ந்ததாகவே இருக்கும். விகிதம் 0.7ஐத் தாண்டுவது சாதாரணம். 0.18 என்றால் கரைந்திருப்பதில் பெரும்பகுதி வேறு ஏதோ ஒன்று. அதோடு, உபின் சுண்ணாம்புத் தீவும் இல்லை. அது கருங்கல் தீவு. 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனதே அங்கிருந்துதான். கருங்கல் நீரில் மிக மெதுவாகவே கரையும், கால்சியமும் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் அப்படிப்பட்ட பாறைக்குள் ஊறும் நீர் மென்னீராகவும் டிடிஎஸ் குறைந்ததாகவும் இருப்பதுதான் இயல்பு. தீவின் உள்பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து அவள் எடுத்த இன்னொரு மாதிரி அதையே காட்டியது. டிடிஎஸ் 55, கடினத்தன்மை 22. அறிக்கையில் அதை ஓர் அட்டவணையின் மூலையில் போட்டுவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தாள். எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகப் பட்டது.

0.18 என்ற விகிதம் கடல்நீரைக் கையாளுபவர்களுக்குப் பழக்கமானது. வழக்கமான கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை ஏறக்குறைய 6,300. வகுத்தால் 0.18. ஜோகூர் நீரிணையில் மழையும் ஆறும் கலப்பதால் உப்பு இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் உப்புகளுக்கு இடையிலான விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

அப்புறம் கணக்கைச் சரிபார்த்தோம். உள்பக்கக் கிணற்று நீரில் கடல்நீர் கொஞ்சம் கலந்ததாக வைத்துக்கொள்வோம். டிடிஎஸ் 55லிருந்து 902க்கு ஏற வேண்டுமானால் கூடுதலாக 847 வேண்டும். அதை 35,000ஆல் வகுத்தால் 0.024, அதாவது நூறு லிட்டருக்கு இரண்டரை லிட்டர்கூட இல்லை. அவ்வளவு கடல்நீர் கொண்டுவரும் கடினத்தன்மை 6,300ஐ 0.024ஆல் பெருக்கினால் 151 மில்லிகிராம். முன்பே இருந்த 22ஐச் சேர்த்தால் 173. அவள் அளந்தது 166. டிடிஎஸ்ஸை மட்டும் வைத்துச் சொன்ன ஊகம் கடினத்தன்மையைக் கிட்டத்தட்ட சரியாகக் கணித்துவிட்டது.

இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. கால்சியத்தை மட்டும் தனியாக அளந்தால் இன்னொரு சான்று கிடைக்கும். அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பிஎச் அளவை 12க்கு மேல் ஏற்ற வேண்டும். மக்னீசியம் வெள்ளைப் படிவாக இறங்கி ஒதுங்கிவிடும், கால்சியத்துக்கான வேறு நிறங்காட்டியைப் போட்டு இடிடிஏவை விட்டால் கால்சியம் மட்டும் கணக்கில் வரும். கிணற்று நீருக்கு 2.2 மில்லிலிட்டர் செலவானது, அதாவது 44. மொத்தம் 166இலிருந்து கழித்தால் மக்னீசியத்தின் பங்கு 122, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. கடல்நீரில் கடினத்தன்மையின் ஐந்தாறு பங்குக்கு ஒரு பங்கு மட்டுமே கால்சியம், மிச்சம் மக்னீசியம். சுண்ணாம்புக் கல் நீரில் நிலைமை நேர்மாறு, கால்சியம்தான் மிகும்.

கடலைவிடக் கால்சியம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கடல்நீர் மண்ணுக்குள் நுழையும்போது அதிலுள்ள சோடியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கடல் ஊடுருவிய கிணறுகளில் கால்சியம் எதிர்பார்த்ததைவிடச் சற்று ஏறியிருக்கும். கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சரி, இந்த நீரைக் குடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் அவள் அறிக்கையின் இன்னொரு வாக்கியத்தை அடித்தேன்: "டிடிஎஸ் அதிகம் என்பதால் நீர் பாதுகாப்பற்றது." உலகச் சுகாதார நிறுவனம் டிடிஎஸ்ஸுக்கும் கடினத்தன்மைக்கும் உடல்நல அடிப்படையில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. டிடிஎஸ் 600க்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்றுதான் சொல்கிறது. 902 என்றால் சுவை பற்றிய எச்சரிக்கை, அவ்வளவுதான். மறுபக்கம், உள்பக்கக் கிணற்றின் 55 என்ற எண்ணைப் பார்த்து "மிகத் தூய்மை" என்று எழுதுவதும் தவறு. திறந்த கிணற்றில் முதலில் கேட்க வேண்டியது கிருமி. இந்த இரண்டு சோதனைகளும் ஒரு கிருமியைக்கூடக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

குழாய் நீரைப் பற்றி எழுதும்போதும் ஒரு கவனம். நம் குழாயில் வருவது நீர்த்தேக்க நீர், ஜோகூர் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீர், கடல்நீரைச் சுத்திகரித்த நீர் என நான்கு மூலங்களை நம்பியது. எந்த வட்டாரத்துக்கு எது எவ்வளவு என்பது மாறும். "சிங்கப்பூர்க் குழாய் நீரின் கடினத்தன்மை 58" என்று எழுதக் கூடாது. "இன்ன தேதியில், இன்ன நேரத்தில், குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்ட பிறகு, வடிகட்டி பொருத்தாத குழாயிலிருந்து எடுத்த மாதிரியில் 58" என்றுதான் எழுத வேண்டும்.

கிணற்றுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். நன்னீர் லேசானது, உப்பு நீர் கனமானது. மழை பெய்த மறுநாள் வாளியை மேலாக முக்கி எடுத்தால் மழைநீர்தான் வரும், கடல் அடியில் இருக்கும். அவள் குறிப்பேட்டில் ஆழமும் இல்லை, மழையும் இல்லை, கடல் ஏற்றமா வற்றமா என்பதும் இல்லை. ஒரே நாளில் ஒரே வாளியில் வந்த எண்ணை வைத்து "கடல் ஊடுருவியிருக்கிறது" என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி கசிந்தாலும் உப்பு ஏறும், ஆனால் அப்போது மக்னீசியம் இவ்வளவு ஓங்கியிருக்க வாய்ப்புக் குறைவு, நைட்ரேட் ஏறியிருக்கும். இரண்டையும் பிரிக்க நைட்ரேட்டும் குளோரைடும் அளக்க வேண்டும்.

கடைசியில் முடிவுரை இப்படி மாறியது: "கரையோரக் கிணற்றில் கடினத்தன்மைக்கும் டிடிஎஸ்ஸுக்கும் உள்ள விகிதம் 0.18. கடினத்தன்மையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மக்னீசியம். இவை கருங்கல்லிலிருந்து கரைந்த தாதுக்களோடு பொருந்தவில்லை. உள்பக்கக் கிணற்று நீரில் ஏறக்குறைய 2.4 விழுக்காடு கடல்நீர் கலந்ததோடு பொருந்துகின்றன. கரையோரக் கிணற்றில் ஒரு மாதிரியை மட்டும் அளந்திருப்பதால் இது உறுதியான முடிவு அன்று."

அடுத்த சனிக்கிழமை சாங்கி முனையிலிருந்து மறுபடி படகு ஏறுகிறாள். வீட்டுக்காரப் பெரியவரிடம் முன்கூட்டியே கேட்டாகிவிட்டது. இந்த முறை நான்கு பாட்டில்கள்: கடல் ஏற்றத்தில் மேலே, அடியில், வற்றத்தில் மேலே, அடியில். ஒவ்வொன்றிலும் நேரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீரில் அழியாத மையால்.